துளை போடாமல் சுவரில் நிற்கும் தட்டு

வாடகை வீட்டுக்குச் சாவி கொடுக்கும்போது சென்னையில் வீட்டுக்காரர்கள் தவறாமல் சொல்லும் ஒரு நிபந்தனை: "பாத்ரூம் டைல்ஸ்ல ஓட்டை போட்டுடாதீங்க." காரணம் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுக்கு முன் வாங்கிப் பதித்த டைல்ஸில் ஒன்று விரிந்தால், அதே வடிவமும் நிறமும் கடையில் மறுபடி கிடைக்காது. சுவருக்குள் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. கீசருக்குப் போகும் மின்கம்பியும் அங்கேயே எங்கோ ஓடுகிறது. துளை வழியே உள்ளே இறங்கும் ஈரம் பக்கத்து அறைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்த்துக் காட்டும். சொந்த வீட்டில் இருப்பவர்களும் இப்போதெல்லாம் துளைக்குத் தயங்குவது இதனால்தான்.

எனவே ஒட்டிக்கொள்ளும் வகைகள் கடைகளில் நிறைந்துவிட்டன. ஷாம்பு ஸ்டாண்டு, மூலையில் பொருத்தும் கார்னர் ஷெல்ஃப், கைகழுவும் திரவத்துக்கான டிஸ்பென்சர் என்று எல்லாமே துளையில்லாமல் நிற்கும் என்றுதான் விற்கப்படுகின்றன. அவற்றில் பல நிற்கின்றன. பல, வாங்கிய சில வாரங்களில் ஒரு நடுராத்திரியில் பெரும் சத்தத்தோடு கீழே விழுகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் விலையிலோ பிராண்டிலோ இல்லை. தட்டின் வடிவத்திலும், ஒட்டுவதற்கு முந்தைய ஒரு நாள் வேலையிலும்தான் இருக்கிறது.

ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் சித்தி வீட்டுக் குளியலறையில் அப்படி ஒன்று விழுந்தது. "டப்பாவுல பத்து கிலோ தாங்கும்னு போட்டிருக்கானே, நாம வெச்சது ரெண்டு கிலோகூட இருக்காதே, அப்புறம் எப்படிம்மா விழும்?" என்று சித்தி கேட்டார். சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் இந்தப் பொருளைப் பற்றிப் பாதிக்கு மேல் தெரிந்த மாதிரிதான்.

சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி எவ்வளவு தள்ளினாலும் அசையாது. ஆனால் ஒரு முனையை நகத்தால் கிளப்பி இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். பசை அதே பசைதான். முதல் வகையில் பசையின் முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கிறது. இரண்டாவது வகையில், பிரியும் அந்த ஒற்றைக் கோட்டில் இருக்கும் பசை மட்டும் மொத்த இழுப்பையும் வாங்குகிறது. அது விட்டதும் அடுத்த கோடு, பிறகு அதற்கடுத்தது.

தட்டு சுவரோடு ஒட்டிய பலகையாக இருந்தால் எடை முழுவதும் கீழ்நோக்கித்தான் இருக்கும். ஆனால் அது சுவரிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில்கள் அந்த நீட்டலில் உட்காருகின்றன. அதனால் தட்டு முன்பக்கமாகக் குனியப் பார்க்கிறது. ஸ்டிக்கரின் கீழ் விளிம்பு சுவரை அழுத்த, மேல் விளிம்பு சுவரைவிட்டுப் பிரியப் பார்க்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் பத்து கிலோ, பெரும்பாலும் புதிய ஸ்டிக்கரை நல்ல பரப்பில் ஒட்டி நேர் கீழாகக் குறுகிய நேரம் இழுத்துப் பார்க்கும் கணக்கு. ஈரமும் வெந்நீர் ஆவியும் நீட்டலும் சேர்ந்து மாதக்கணக்கில் செய்யும் வேலை அதில் வராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தட்டும் பொருள்களும் சேர்ந்து 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 செ.மீ. நீட்டல், எடையின் மையம் நடுவில், அதாவது சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி. ஸ்டிக்கரின் உயரம் 8 செ.மீ. என்றால் அதன் மேல்பாதியைச் சுவரிலிருந்து பிரிக்கும் இழுப்பு ஏறக்குறைய மூன்றரை கிலோ வருகிறது. ஸ்டிக்கரின் உயரம் பாதியானால் இந்த இழுப்பு இரட்டிப்பாகும். பெரிய ஷாம்பு பாட்டிலை உள்ளே தள்ளி வைக்காமல் முன் விளிம்பில் வைத்தாலும் கூடும். எடை அதேதான், வைத்த இடம்தான் மாறியது.

இதே கணக்கு தப்பிக்கும் வழியையும் காட்டுகிறது. ஸ்டிக்கர் மேலே இருந்து, தட்டின் சட்டம் அதற்குக் கீழே 15 செ.மீ. இறங்கி, சுவரில் ஒரு சிறிய ரப்பர் காலை முட்டுக்கொடுத்து நிற்கிறது என்றால், மேலே பிரிக்கும் இழுப்பு ஒன்றேகால் கிலோவுக்கும் கீழே போய்விடும். கடையில் ஒன்றை எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒட்டும் இடம் உச்சியில் இருக்கிறதா, சுவரில் முட்டும் இடம் அடியில் இருக்கிறதா. பல ஸ்டாண்டுகளில் ஸ்டிக்கரைத் தட்டின் அடிப்பக்கத்து மட்டத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பாரத்துக்கு அது சரியில்லாத இடம்.

கார்னர் ஷெல்ஃபுக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. அது இரண்டு சுவர்களில் ஒட்டுகிறது, அவை ஒன்றுக்கொன்று செங்குத்து. ஒரு சுவரைவிட்டுப் பிரிந்து முன்னால் குனிய வேண்டுமென்றால், மற்ற சுவரில் இருக்கும் ஸ்டிக்கர் சுவரோடு உரசி நகர வேண்டும். அதுதான் போஸ்டரை உள்ளங்கையால் தள்ளும் திசை, பசை நன்றாக எதிர்க்கும் திசை. எனவே அதே தரத்துப் பசையில், ஒரே சுவரில் ஒட்டும் நீளத்தட்டைவிட மூலைத்தட்டு அதிக நாள் நிற்க வாய்ப்பு அதிகம். இடவசதி இருந்தால் யோசிக்காமல் மூலையைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி எதனால் ஒட்டுகிறோம் என்பது. பழைய வகை சக்‌ஷன் கப், அதாவது வட்டமான ரப்பர் கிண்ணத்தைச் சுவரில் வைத்து அழுத்துவது. அது பசை அல்ல. உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டதால், வெளிக்காற்றின் அழுத்தம் கிண்ணத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 6 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்துக்குக் கணக்குப்படி 28 கிலோ பிடிப்பு வரவேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் உள்ளே முழு வெற்றிடம் ஒருபோதும் கிடைக்காது. அந்தப் பிடிப்பும் சுவருக்கு நேராக இழுப்பதற்கு எதிரானது. பாரமோ கீழ்நோக்கி இழுக்கிறது. கீழே வழுக்காமல் தாங்குவது ரப்பருக்கும் டைல்ஸுக்கும் உள்ள உராய்வு மட்டும்தான், சோப்புத் தண்ணீர் பட்ட டைல்ஸில் அது மிகவும் குறைவு. இதோடு, கிண்ணத்தின் விளிம்பு டைல்ஸ் இடுக்கின் மேல் கொஞ்சம் பட்டாலும் அந்த வழியே காற்று மெல்ல உள்ளே போய்விடும். வெந்நீரின் சூட்டிலும் ஆண்டுகள் போகும்போதும் ரப்பர் விறைத்துப்போகும். நார், பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் ரேசர் போன்றவற்றுக்குச் சக்‌ஷன் கப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, திரும்ப அழுத்தினால் வேலை செய்யும். ஷாம்பு பாட்டில்களை அதில் ஏற்றாதீர்கள்.

இப்போது அதிகம் விற்பது கண்ணாடி மாதிரித் தெரியும் சதுர ஸ்டிக்கர். பின்னால் பசை, முன்னால் கொக்கியோ திருகோ இருக்கும். அதில் தட்டு மாட்டிக்கொள்ளும். இன்னொரு வகை, மெல்லிய நுரையின் இரண்டு பக்கமும் பசையுள்ள டபுள் சைடு டேப். இவற்றில் தரமானவை அக்ரிலிக் வகைப் பசை. அக்ரிலிக் பசையின் இயல்பைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒட்டிய கணத்தில் அது முழுமையாக ஒட்டுவதில்லை. மிகக் கெட்டியான திரவம்போல மெல்ல நகர்ந்து, டைல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் இறங்க நேரம் எடுத்துக்கொள்கிறது. இந்த வகை நுரை நாடாவை 1980இல் சந்தைக்குக் கொண்டுவந்த த்ரீ-எம் நிறுவனம் தன் பயனர் குறிப்பில் தரும் அளவு இது: அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, ஒரு நாளில் 90 சதவீதம், மூன்று நாளில் முழுமை. ஒட்டிய அன்றே பாட்டில்களை அடுக்குகிறவர்கள் பாதி பிறந்த பிடிப்பின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறார்கள். அப்போது மேல் விளிம்பு மயிரிழை பிரிந்தாலும் போதும், பிறகு அந்த இடுக்கில் தண்ணீர் வந்து உட்காரும்.

அதே குறிப்பில் இன்னொரு அளவும் உண்டு: நீண்ட நாள் நிற்கும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 55 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நாடா வேண்டும். ஏழரைக்கு ஏழரை சென்டிமீட்டர் சதுரம் ஒரு கிலோவுக்குத்தான். கடைச் சதுர ஸ்டிக்கரின் பசை அந்த நாடாவைவிடச் சிறந்தது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லாததால், இந்தக் கணக்கையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பசை எதன்மேல் ஒட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளியலறைச் சுவர் டைல்ஸின் பளபளப்பான மேற்பூச்சு உண்மையில் ஒரு கண்ணாடிப் படலம்தான். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நெருங்கிய ஈர்ப்பு. அதனால் ஸ்டிக்கரின் ஓரத்தில் எப்போதும் ஈரம் தேங்கினால், அது பசைக்கும் டைல்ஸுக்கும் நடுவே மெல்ல மெல்ல நுழைந்து பசையைத் தள்ளிவிடும். காய்ந்த அறையின் கண்ணாடியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் அதே ஸ்டிக்கர் ஷவருக்கு அடியில் சில மாதத்தில் கழன்றுவிட இதுவே காரணம்.

இதற்கு மேல் நம் ஊருக்கே உரிய இரண்டு படலங்கள் உண்டு. ஒன்று போர்வெல் தண்ணீரின் உப்பு. அதிலுள்ள கால்சியம் காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத சாம்பல்நிறப் பிசுக்காகவும் மாறும். மற்றது எண்ணெய். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகளில், முதுகும் கையும் படும் உயரம்வரை சுவரில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஸ்டிக்கரை அப்படியே ஒட்டினால் அது டைல்ஸில் ஒட்டாது, உப்புப் பொருக்கிலும் எண்ணெயிலும்தான் ஒட்டும். விழுந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தால், பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, பொருக்குதான் சுவரைவிட்டு வந்திருக்கிறது. சித்தி வீட்டு ஸ்டிக்கர் அப்படித்தான் இருந்தது. ஒரு சதுரம் முழுக்க மாவு பூசின மாதிரி வெள்ளை.

அந்த வீட்டிலேயே திரும்ப ஒட்டிய கதையைச் சொன்னால் வேலை முறை தெளிவாகும். வாங்கியது ஒற்றைத்தட்டு கார்னர் ஷெல்ஃப், ஸ்டீல் கம்பியால் ஆனது, எடை 600 கிராம். சுவருக்கு இரண்டாக நான்கு ஸ்டிக்கர், ஒவ்வொன்றும் ஏழுக்கு ஏழு சென்டிமீட்டர். மொத்தம் 196 சதுர சென்டிமீட்டர். 55ஆல் வகுத்தால் மூன்றரை கிலோ. வைக்கப் போகும் பொருள்களைச் சமையலறைத் தராசில் நிறுத்தோம்: பெரிய ஷாம்பு பாட்டில் 700 கிராம், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் 500, பாடி வாஷ் 300, பிள்ளைகளின் ஷாம்பு 230, இரண்டு சோப்பு 250. தட்டோடு சேர்த்து இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி இருக்கிறது. தட்டைப் பிடித்துக்கொண்டு எழும் கைக்கோ, பிள்ளைகள் இழுப்பதற்கோ அந்த இடைவெளி வேண்டும். "சீயக்காய் டப்பாவையும் அதுலயே வெச்சிடலாமே" என்றார் சித்தப்பா. அது கீழே ஸ்டூலிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

முதலில் டைல்ஸைத் தட்டிப் பார்த்தோம். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டினால், கெட்டியான சத்தம் வரவேண்டும். பொத்தலான "டொக் டொக்" சத்தம் வந்தால் பின்னால் சிமென்ட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதில் எதை ஒட்டினாலும் ஒருநாள் டைல்ஸோடு சேர்ந்து வரும். சித்தி ஆசைப்பட்ட மூலையில் ஒரு டைல்ஸ் அப்படி ஒலித்ததால், ஒரு வரிசை மேலே போனோம். ஸ்டிக்கர் முழுவதும் ஒரே டைல்ஸுக்குள் அடங்க வேண்டும், இடுக்கின் மேல் பாலம்போலக் கிடக்கக் கூடாது. இடுக்கில் நிரப்பிய சிமென்ட் தண்ணீரைக் குடிக்கும். ஸ்டிக்கருக்கு அடியிலேயே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பூ வேலைப்பாடு புடைத்த டைல்ஸும் சொரசொரப்பான மேட் டைல்ஸும் இதற்கு ஒத்துவராது, ஏனென்றால் அங்கே பசை மேடுகளின் உச்சியை மட்டும்தான் தொடும்.

சுத்தம் செய்தது முந்தின நாள் மாலை. உப்புப் பொருக்குக்கு வினிகர் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்து, பிறகு நாரால் தேய்த்தோம். எலுமிச்சைச் சாறும் செய்யும். அமிலம் இடுக்குச் சிமென்ட்டையும் அரிக்கும் என்பதால் அதிக நேரம் விடக் கூடாது. சுவர் மார்பிளாக இருந்தால் வினிகர் பக்கமே போகக் கூடாது. அடுத்து பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவினோம். சுத்தமாயிற்றா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். டைல்ஸ் முழுவதும் உடையாத படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். சித்தி வீட்டில் முதல் கழுவலுக்குப் பின்னும் தோளுயரத்தில் முத்து நின்றது.

பிறகு இரவு முழுக்கக் காயவிட்டோம். டைல்ஸ் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், இடுக்குகள் காயாது. மறுநாள் காலை, யாரும் குளிப்பதற்கு முன், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட் பஞ்சால் ஒட்டும் இடத்தை ஒரே திசையில் துடைத்தோம். ஊசி போடுமுன் தோலைத் துடைக்க வைத்திருப்பார்களே, அந்தச் சிறு பாக்கெட்தான். வீட்டில் இருக்கும் ஹாண்ட் சானிடைசர் இதற்குக் கூடாது. கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது டைல்ஸில் படலமாகத் தங்கிவிடும். துடைத்த இடத்தை அதன்பின் விரலால் தொடவும் கூடாது.

ஸ்டிக்கர்களைத் தட்டின் கொக்கியில் மாட்டி, சுவரில் வைத்து, இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பின்தாளை உரித்து ஒட்டினோம். ஒட்டியதும் தட்டைக் கழற்றி எடுத்துவிட்டோம். இனி அழுத்தும் வேலை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும் என்பது பொதுவான அளவு. 49 சதுர சென்டிமீட்டர் ஸ்டிக்கரை உள்ளங்கையால் மொத்தமாக அழுத்தினால் அந்த அளவு கிடைக்காது. அதற்கு 49 கிலோ பலம் வேண்டும். கட்டைவிரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, துண்டு துண்டாக அழுத்தினால் மூன்று நான்கு கிலோ பலமே போதும். கண்ணாடி மாதிரியான ஸ்டிக்கரில் இன்னொரு வசதி, பிடித்ததா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். பசை தொட்ட இடம் தெளிவாக, டைல்ஸின் நிறத்திலேயே தெரியும். காற்று சிக்கிய இடம் வெள்ளி போல் மினுங்கும். மினுக்கம் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு வேறு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் சரி.

மூன்று நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. ஒரே குளியலறை உள்ள வீட்டில் இது கஷ்டம். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குக் கிளம்பும் காலையில் ஒட்டிவிட்டுப் போவது நல்ல யோசனை. சித்தி வீட்டில் அப்படித்தான் செய்தோம். திரும்பி வந்தபின், ஒவ்வொரு ஸ்டிக்கரின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்க விளிம்புகளிலும் நிறமற்ற சிலிகானை மெல்லிய கோடாக இழுத்தோம். அடி விளிம்பைத் திறந்தே விட்டோம், எப்படியாவது உள்ளே போகும் நீர் வழிந்துவிட வேண்டும் என்பதற்காக. கழிவறை பீங்கானைச் சுற்றிப் பூசும் சிலிகான்தான் இது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். காயும்போது வினிகர் வாசனை அடிக்கும் வகை டைல்ஸுக்குப் போதும். கல்சுவருக்கும் துருப்பிடிக்கக்கூடிய உலோகத்துக்கும் அந்த வாசனை இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சிலிகானையே பசையாகத் தட்டின் முதுகில் அப்பி ஒட்டிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டும், வலுவாகவே ஒட்டும். ஆனால் சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் கெட்டியாகிறது, ஒரு நாளைக்கு ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போகும். டைல்ஸும் உலோகத் தகடும் காற்றை விடாதவை. நடுவில் உருண்டையாக அப்பினால் ஓரம் காய்ந்து நடு பல நாள் பச்சையாகவே கிடக்கும். விரலிடைவெளி விட்டு நெடுக்குக் கோடுகளாகப் பூசினால் காற்று போய்வரும். குறைந்தது நான்கைந்து நாள் டேப்பால் தாங்கிவிட்டுக் காயவிட வேண்டும். நொடியில் ஒட்டும் சிறு குழாய்ப் பசையை மட்டும் இதற்கு நினைக்கவே வேண்டாம். அது கண்ணாடிபோல் விறைப்பாகக் காய்வதால் சிறு அதிர்ச்சியையும் தாங்காது, ஈரத்திலும் சூட்டிலும் விரைவில் உதிரும்.

சோப்பு டிஸ்பென்சரின் கணக்கு கொஞ்சம் வேறு. அதன் சொந்த எடை பெரிதல்ல, அரை லிட்டர் திரவத்தோடு முக்கால் கிலோ வரலாம். பாரம் வருவது கையிலிருந்து, அதுவும் தினமும் பலமுறை. மேலே தலையுள்ள பம்ப் வகையை அமுக்கும்போது எவ்வளவு விசை போகிறது என்று தெரிய, அந்த பாட்டிலைச் சமையலறைத் தராசின்மேல் வைத்து அமுக்கிப் பாருங்கள். பாட்டிலின் எடையைப்போல் பல மடங்கு ஏறி இறங்கும். அவ்வளவும் சுவரிலிருந்து தள்ளி நிற்கும் பம்பின் உச்சியில் விழுகிறது. முன்பக்கம் பொத்தான் உள்ள வகையில் கை டிஸ்பென்சரைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது; ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கரை இன்னும் அழுத்துகிறது. ஒட்டும் டிஸ்பென்சர் என்றால் முன்பொத்தான் வகைதான் என் தேர்வு. அந்தப் பொத்தான் ஸ்டிக்கரின் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அடியில் வெகுதூரம் தொங்கிக்கொண்டிருந்தால் அழுத்தும்போது மேல்பக்கம் கிளம்பும். பம்ப் வகைதான் பிடிக்கும் என்றால், பாட்டிலைச் சுவரில் ஒட்டாமல், அது உட்காரும் வளையத்தை மட்டும் ஒட்டி, அமுக்கும்போது மறு கையால் பாட்டிலைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் சின்னப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்.

விழப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும், பார்க்கப் பழக வேண்டும். தட்டின் அடி விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுவையுங்கள். கோட்டைவிட்டுத் தட்டு இறங்கியிருந்தால் பசை நகர்கிறது. மாதம் ஒருமுறை மேல் விளிம்பில் விசிட்டிங் கார்டின் முனையை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பாரத்தை அன்றே இறக்கிவிட வேண்டும். ஒட்டியபோது தெளிவாக இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் புதிதாக வெள்ளி மினுக்கம் வந்து, உள்ளே நோக்கி வளர்ந்தாலும் அதே செய்திதான். கிளம்பிய விளிம்பை விரலால் திரும்ப அழுத்துவது பயன் தராது. உள்ளே தண்ணீரும் சோப்பும் போயாயிற்று. கண்ணாடி பாட்டில்களை எந்த நிலையிலும் ஒட்டுத்தட்டில் வைக்கக் கூடாது. வெறுங்காலோடு நிற்கும் ஈரத்தரையில் அது உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு காலி செய்யும்போது கழற்றுவதற்கும் முறை உண்டு. அடியில் இழுவை வால் தெரியும் நீட்டுநாடா வகை என்றால், வாலைச் சுவரை ஒட்டியே நேர் கீழாக மெதுவாக இழுக்க வேண்டும். ரப்பர்போல நீண்டு தானே கழன்றுவிடும். முன்னால் இழுத்தால் அறுந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். சதுர ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, அறை முழுக்கக் காய்ந்திருக்கும்போது மட்டும், பழைய ஏ.டி.எம். கார்டால் ஒரு முனையைக் கிளப்பி உரிக்கலாம். ஹேர் டிரையர் இல்லையென்றால் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் போட்டுவைத்தாலும் இளகும். நுரை டேப்பை உரிக்க முடியாது. அதன் பின்னால் தூண்டில் நரம்பை நுழைத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். சுவரில் மிஞ்சும் நுரையைக் கட்டைவிரலால் உருட்டினால் பெரும்பகுதி உருண்டு வந்துவிடும். கடைசிப் பிசுக்குக்குத் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்பால் கழுவினால் போதும். சிலிகான் கோட்டைப் பிளேடால் டைல்ஸோடு படுக்கவைத்த வாக்கில் சீவுங்கள். பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் மேற்பூச்சில் கீறல் விழும். அதை மட்டும் வீட்டுக்காரர் தவறாமல் கண்டுபிடித்துவிடுவார்.